குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை ஒரே பக்கமாகச் சுருக்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசேஷ வேலை ஆரம்பித்ததும் குடும்ப குரூப்பில் மெசேஜ் கொட்ட ஆரம்பித்துவிடும். அதிலிருந்து எது முடிவாயிற்று, யாருக்கு என்ன வேலை, எதற்கு இன்னும் பதில் வரவில்லை என்ற மூன்றை மட்டும் பிரித்தெடுப்பது பற்றிய கேள்விகள் இவை. பதில்கள் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறோம்: 2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்பு. ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பெரம்பூர், மாதவரம் என்று சிதறியிருக்கும் ஒரு கற்பனைக் குடும்பம்.

ரெண்டு நாள் குரூப்பைத் திறக்கல, அறுநூறு மெசேஜ் நிக்குது. எங்கேருந்து ஆரம்பிக்கறது?

கீழேயிருந்து. கடைசி மெசேஜில் தொடங்கி மேலே போங்கள். ஒரு விஷயத்தில் கடைசியாகச் சொன்னதுதான் செல்லும். மேலிருந்து படித்தால் மாறிப்போன முடிவுகளையெல்லாம் எழுதி எழுதி அடிக்க வேண்டியிருக்கும்.

முதல் சுற்றில் எதையும் எழுதாதீர்கள். பேசப்பட்ட விஷயங்களின் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். ஹால், சாப்பாடு, வளையல், புடவை, வண்டி என்று பெரும்பாலும் ஏழெட்டுக்குமேல் போகாது. குட்மார்னிங், தீபாவளி போட்டோ, ஃபார்வர்ட் வீடியோ, காசிமேட்டில் வஞ்சிரம் என்ன விலை என்ற விசாரணை எல்லாம் இந்தச் சுற்றிலேயே கழிந்துவிடும். ஆனால் விசாரணைக்கு நடுவில் ஒரு வரி கவனியுங்கள்: "மீன் வாங்கப் போறேன், வரும்போது ஹால்காரரையும் பாத்துடறேன்." வேலையை ஒப்புக்கொள்ளும் வாக்கியம் பல நேரம் இப்படி வேறொரு பேச்சின் வாலில்தான் ஒட்டிக்கொண்டு வரும்.

இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு தலைப்பாகத் தேடுங்கள். இங்கே ஒரு சிக்கல். ஒருவர் "ஹால்" என்பார், இன்னொருவர் "hall", அத்தை "மண்டபம்", சித்தப்பா "mandabam". சாப்பாட்டுக்கு saapadu, sapadu, இலை, elai, பந்தி என்று ஐந்தாறு எழுத்துக்கூட்டல் இருக்கும். வாட்ஸ்அப் தேடலுக்கு இவை எல்லாம் வேறு வேறு சொற்கள். அதனால் ஒரே சொல்லைத் தேடி, வந்ததை மட்டும் நம்பி எழுதினால் பாதிதான் கிடைக்கும். குரல் பதிவு தேடலில் வரவே வராது.

எக்ஸ்போர்ட் பண்ணி எடுத்துட்டா வேலை சுலபமாகுமா?

சில நூறு மெசேஜ் வரைக்கும் வேண்டாம், போனிலேயே படியுங்கள். வாரக்கணக்கில் சேர்ந்துவிட்டால் எடுக்கலாம். ஆண்ட்ராய்டில் குரூப்பைத் திறந்து மேலே மூன்று புள்ளி, `More`, `Export chat`, பிறகு `Without media`. ஒரு எழுத்துக் கோப்பு வரும், ஒவ்வொரு வரியும் ஏறக்குறைய இப்படி:

```
25/10/25, 12:25 am - Madhavaram Thambi: நாளைக்கு அட்வான்ஸ் கட்டிடறேன்
```

நேரம் துல்லியமாகக் கிடைப்பது இதில் லாபம். நஷ்டம் என்னவென்றால், எந்த மெசேஜுக்குப் பதிலாக "சரி" போட்டார்கள் என்ற இணைப்பு கோப்பில் வராது. போட்ட 👍, ❤️ ரியாக்ஷனும் வராது. குரல் பதிவும் படமும் இருந்த இடத்தில் `<Media omitted>` என்று மட்டும் நிற்கும். போனில் பார்க்கும்போது ஹால் வாடகை மெசேஜை இழுத்துப் பதில் சொன்ன "சரி", கோப்பில் அதற்கு முந்தைய வரியான பிரியாணிப் பேச்சுக்குச் சொன்னதுபோல் தெரியும். அதனால் கோப்பை நேரத்துக்கும் வரிசைக்கும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு "சரி"க்கும் போனில் போய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். குரூப்பில் `Advanced chat privacy` போட்டிருந்தால் எக்ஸ்போர்ட்டே ஆகாது.

நாலு பேர் தம்ஸ்அப் போட்டுட்டாங்க. முடிவாயிடுச்சுன்னு எழுதிடலாமா?

கூடாது. இந்த வேலையில் பெரும்பாலான தகராறு இங்கேதான் பிறக்கிறது. குடும்பத்தில் தம்ஸ்அப் என்பது முக்கால்வாசி நேரம் "பார்த்துவிட்டேன்" என்றுதான் பொருள். "சரி" என்பதும் அப்படியே: "சரி, கேட்டுக்கொண்டேன்" என்றும் இருக்கலாம், "சரி, அப்படியே செய்வோம்" என்றும் இருக்கலாம். "பாக்கலாம்" என்று பெரியவர்கள் சொன்னால் அது பெரும்பாலும் மரியாதையான மறுப்பு, முடிவு என்று எண்ணி எழுதிவிடாதீர்கள்.

முடிவு என்று எழுத மூன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று, சொன்னது தெளிவாக ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். "சின்னதோ பெருசோ ஒண்ணு புடிச்சுடுங்க" தேறாது. இரண்டு, அந்த விஷயத்தில் சொல்லும் உரிமை உள்ளவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வளைகாப்பில் நேரம் குறிப்பது வீட்டுப் பெரியவர், செலவு யாருடையதோ அவர் சொல்வது சாப்பாட்டுக் கணக்கு. மூன்று பேர் தலையாட்டி, பணம் கொடுப்பவர் வாயே திறக்காவிட்டால் அது முடிவல்ல. மூன்று, அதற்குப் பிறகு யாரும் எதிர்த்து எதுவும் சொல்லியிருக்கக் கூடாது.

இந்த மூன்றையும் மிஞ்சுகிற சாட்சி ஒன்று உண்டு: பணம். அட்வான்ஸ் கட்டியாயிற்று என்றால் அதற்கு முன் எத்தனை "பாக்கலாம்" இருந்தாலும் விஷயம் நகர்ந்துவிட்டது. அப்போதும் "கட்டியது யார், எவ்வளவு, என்றைக்கு" என்று எழுதுங்கள். "எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்" என்று எழுதாதீர்கள்.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதைப் பதில் வராத கேள்விகளில் போடுங்கள். முடிவானதைத் தப்பாகக் கேள்வி என்று எழுதினால் ஒருவர் "அது முடிஞ்சுடுச்சே" என்பார், அவ்வளவுதான். கேள்வியை முடிவு என்று எழுதினால் பந்தியில் இலை பற்றாமல் போகும்.

"நாளைக்கு", "வர ஞாயிறு", "அத்தை கிட்ட சொல்லியாச்சு"ன்னு அவங்க போட்டதை அப்படியே எழுதினா போதாதா?

போதாது. நாள், உறவுமுறை, தொகை மூன்றையும் மாற்றித்தான் எழுத வேண்டும்.

"நாளைக்கு" என்பதை அந்த மெசேஜ் வந்த தேதியை வைத்துக் கணக்கிடுங்கள். நள்ளிரவு தாண்டி வந்த மெசேஜில் கவனம் வேண்டும். மேலே காட்டிய வரியில் நேரம் 25ஆம் தேதி இரவு 12.25. எழுதியவருக்கு இன்னும் 24ஆம் தேதி இரவுதான், தூங்கி எழுந்தால் வருவதுதான் அவருடைய "நாளை". ஆக அட்வான்ஸ் கட்டும் நாள் 25, சனிக்கிழமை, 26 இல்லை. "வர ஞாயிறு"க்கும் "அடுத்த ஞாயிறு"க்கும் நம் வீடுகளில் ஒரே பொருள் கிடையாது. திங்கட்கிழமை "அடுத்த ஞாயிறு" என்றால் ஆறு நாளில் வருவதா, பதிமூன்று நாளில் வருவதா? ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள்.

உறவுமுறை இன்னும் வம்பு. கொருக்குப்பேட்டை அக்காவுக்கு அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அதே குரூப்பில் இருக்கும் மருமகள் "அத்தை" என்றால் அது மாமியார். சித்தப்பா மகன் சொல்லும் "பெரியப்பா" உங்களுக்கு அப்பாவாகவே இருக்கலாம். சுருக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரே பெயர், அது ஊர்ப்பெயரோடு: தண்டையார்பேட்டை அத்தை, ராயபுரம் சித்தப்பா. யார் படித்தாலும் ஒரே ஆளைத்தான் நினைக்க வேண்டும்.

தொகையில் நாம் பூஜ்யங்களை விழுங்கிவிடுவோம். "ஹால் 18" என்றால் பதினெட்டாயிரம், "இலை 180" என்றால் நூற்றெண்பது ரூபாய்தான், "அட்வான்ஸ் 5" என்றால் ஐயாயிரம். சுருக்கத்தில் முழு எண்ணாக ரூ.18,000 என்று எழுதுங்கள். எண் தப்பாக இருந்தால் அப்போதே யாராவது கத்துவார்கள். "18" என்று விட்டால் யாருக்கும் உறைக்காது.

வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்கணுமா? ஒண்ணு ஒண்ணும் மூணு நிமிஷம்.

கேட்டே ஆக வேண்டும். டைப் அடிக்க அலுத்துக்கொள்ளும் பெரியவர்கள்தான் குரலில் பேசுவார்கள், முடிவு சொல்பவர்களும் அவர்கள்தான். பதிவை ஓட விட்டால் அதன் பக்கத்தில் `1x` என்று வரும், தொட்டால் 1.5, பிறகு 2. ஒன்றரை வேகத்தில் தமிழ் தெளிவாகக் கேட்கும். இரண்டில் எண்கள் நழுவும், ஆகவே எண் வரும் இடத்தை மட்டும் திரும்ப `1x` வேகத்தில் கேளுங்கள்.

பெரியவர்களின் பதிவில் விஷயம் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். முதலில் உடம்பு விசாரிப்பு, பிறகு பழைய விசேஷத்தில் நடந்த குறை, வைக்கும் முன் "ஆங், இன்னொண்ணு" என்று ஆரம்பித்து முக்கியமானதைச் சொல்வார்கள். பாதியில் நிறுத்தாதீர்கள். எழுதும்போது யார், எந்தத் தேதி, எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நாளை யாராவது கேட்டால் மொத்தத்தையும் தேட வேண்டாம்.

ஒரு உதாரணம் முழுசா காட்டுங்களேன்.

நூற்றுக்கணக்கான மெசேஜில் தேறிய வரிகள் இவை என்று வைத்துக்கொள்வோம்.

அக். 24 வெள்ளி, இரவு 9.12, ராயபுரம் சித்தப்பா: ஹால் ரெண்டு பாத்தேன். தண்டையார்பேட்டைல சின்னது 18, திருவொற்றியூர்ல பெருசு 25
9.15, பெரம்பூர் மாமா: 👍
9.20, தண்டையார்பேட்டை அத்தை: சின்னதே போதும், மெட்ரோவுக்கும் பக்கம்
9.41, கொருக்குப்பேட்டை அக்கா: சரி
நள்ளிரவு 12.25, மாதவரம் தம்பி: நாளைக்கு அட்வான்ஸ் கட்டிடறேன்
அக். 25 சனி, பகல் 11.30, ராயபுரம் பெரியப்பா, குரல் பதிவு, 1.50ஆவது நிமிடத்தில்: சமையல்காரர் கிட்ட பேசிட்டேன், கலவை சாதம் அஞ்சு வகை, இலை 180, நூத்தி இருவது பேருக்குச் சொல்லியிருக்கேன்
அக். 26 ஞாயிறு, அத்தை: 120 பத்தாது. என் பக்கமே 40 பேர்
சித்தப்பா: அப்போ 150?
அத்தை: பாக்கலாம்
மாமா: வளையல் நான் பாத்துக்கறேன்
அக்கா: மாமா அப்படியே எம்.சி. ரோடு போய் புடவையும் எடுத்துடுங்க
மாமா: 😂😂
அக். 27 திங்கள், தம்பி: அட்வான்ஸ் 5 கட்டிட்டேன்
அத்தை: பெரியப்பா கிட்ட போன்ல பேசிட்டேன், காலைல 10.30 நேரம்

மாமாவின் தம்ஸ்அப்பை எந்த ஹாலுக்கு என்று வைப்பது? சித்தப்பா இரண்டு ஹால் சொன்னதற்கு வந்த தம்ஸ்அப் அது, எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அக்காவின் "சரி" அத்தை சொன்னதற்குப் பிறகு வந்ததால் சின்ன ஹாலுக்கு ஆதரவு. உறுதிப்படுத்துவது தம்பி கட்டிய பணம். ஆனால் எந்த ஹாலுக்குக் கட்டினார் என்று அவர் மெசேஜில் இல்லை! ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு எழுத வேண்டிய இடம் இது. தண்டையார்பேட்டைக்குத்தான் என்று அவர் சொன்னதாக வைத்துக்கொண்டால் சுருக்கம் இப்படி வரும்:

*பதில் வேண்டியவை*
1. சாப்பாடு 120 பேருக்கா, 150 பேருக்கா? தண்டையார்பேட்டை அத்தை தம் பக்கத்து ஆட்களின் பட்டியலை அக். 31 வெள்ளி இரவுக்குள் போட்டால், பெரியப்பா எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். பட்டியல் வரும்வரை சமையல்காரரிடம் சொன்ன 120தான் நிற்கும்.
2. புடவை எடுப்பது யார்?
3. ஹால் பாக்கி ரூ.13,000 யார் தருவது, எப்போது?
4. வளையல் எத்தனை டஜன்? (பெரம்பூர் மாமாவுக்குச் சொல்ல வேண்டும்)

*முடிவானவை*
ஹால்: தண்டையார்பேட்டை, வாடகை ரூ.18,000. அட்வான்ஸ் ரூ.5,000 மாதவரம் தம்பி கட்டியாயிற்று.
நேரம்: நவ. 9 ஞாயிறு காலை 10.30. பெரியப்பா அத்தையிடம் போனில் சொன்னது.
சாப்பாடு: கலவை சாதம் ஐந்து வகை, இலைக்கு ரூ.180.

*வேலைகள்*
வளையல்: பெரம்பூர் மாமா.
சமையல்காரர்: ராயபுரம் பெரியப்பா.

புடவை மாமாவின் பெயரில் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். சிரிப்பு ஒப்புதல் அல்ல. வளையலுக்கு "நான் பாத்துக்கறேன்" என்றவர், புடவைக்கு அப்படிச் சொல்லவில்லை. ஹால் பாக்கியைப் பற்றி குரூப்பில் ஒருவர்கூடப் பேசவில்லை. 18,000த்தில் 5,000 போனால் மீதி இருக்குமே என்று கழித்துப் பார்த்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. நல்ல சுருக்கத்தில் இப்படி, பேசாமல் விட்டுப்போன ஒன்றிரண்டாவது கிடைக்கும். நவம்பர் என்பதால் இன்னொன்றையும் சேர்க்கலாம்: மழை கொட்டி வியாசர்பாடி கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்றால் பெரம்பூரிலிருந்து வருபவர்கள் எந்த வழியாக வருவது? குரூப்பில் இல்லாததை நீங்கள் சேர்க்கும்போது "இது என் கேள்வி" என்று குறித்துவிடுங்கள்.

பெரியவங்க பேருக்கு நேரா வேலையைப் போட்டா கோச்சுக்க மாட்டாங்களா?

வேலையை நீங்கள் கொடுப்பதுபோல் எழுதினால் கோபித்துக்கொள்வார்கள். அவர் சொன்னதை நீங்கள் குறித்ததுபோல் எழுதினால் கோபம் வராது. "மாமா வளையல் வாங்க வேண்டும்" என்பதற்குப் பதில் "வளையல்: மாமா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்." அதேபோல் "பெரியப்பா இன்னும் பதில் சொல்லவில்லை" என்று எழுதினால் குற்றச்சாட்டு. "பெரியப்பா சொன்னதும் சமையல்காரருக்குச் சொல்லிவிடலாம்" என்றால் அதே செய்திதான், முகம் சுளிக்காமல் படிப்பார்.

"செஞ்சுடலாம்", "வாங்கிடலாம்" என்ற வாக்கியங்களை மட்டும் யார் தலையிலும் கட்டாதீர்கள். அதில் செய்பவர் யாரும் இல்லை, எல்லாரும் இருக்கிறார்கள். நாளும் ஆளும் இல்லாத வேலை, பதில் வேண்டியவற்றில்தான் உட்கார வேண்டும்.

நடுவுல சண்டை வந்துச்சு. அதையும் எழுதணுமா?

சண்டையை எழுத வேண்டாம், அதற்கு அடியில் இருந்த விஷயத்தை எழுதுங்கள். "போன தடவை எங்க பக்கத்து ஆளுங்களுக்கு எலையே இல்ல" என்று ஒருவர் பொங்கியிருந்தால், அதில் இருக்கும் கேள்வி எண்ணிக்கைதான். அது ஏற்கெனவே முதல் வரியில் இருக்கிறது. அழித்துவிட்ட மெசேஜை நீங்கள் முன்பே படித்திருந்தாலும் சுருக்கத்தில் சேர்க்காதீர்கள். வேண்டாம் என்றுதானே அழித்தார். கர்ப்பிணியின் ஸ்கேன் விவரம், கைமாற்று வாங்கிய கணக்கு, நகை சவரன் இவையும் வேண்டாம். சுருக்கம் குரூப்புக்கு வெளியே எளிதாக ஃபார்வர்ட் ஆகும், சமையல்காரருக்கே போகலாம்.

போட்டாலும் யாரும் படிக்க மாட்டேங்கறாங்க. என்ன பண்றது?

மேலே உதாரணத்தில் கேள்விகள் முதலில் நிற்பதற்குக் காரணம் இதுதான். நீளமான மெசேஜை வாட்ஸ்அப் பாதியில் மடித்து `Read more` போட்டுவிடும். பலர் அதைத் தொடமாட்டார்கள். தங்கள் பதில் தேவைப்படும் வரி மடிப்புக்கு மேலே இருக்க வேண்டும். பதில் சொல்ல வேண்டியவர் பெயரை @ போட்டுச் சேருங்கள்.

இரவு எட்டரை, ஒன்பது மணிவாக்கில் போட்டால் வேலைக்குப் போனவர்களும் வந்திருப்பார்கள். போட்ட கையோடு `Pin`, 7 நாள். ஒரு குரூப்பில் மூன்று மெசேஜ் வரைதான் பின் ஆகும், பழைய சுருக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். உங்கள் மெசேஜை அழுத்திப் பிடித்து `Info` பார்த்தால் யார் படித்தார்கள் என்று தெரியும், நீலக் குறியை அணைத்து வைத்திருப்பவர்களும் குரூப்பில் அதிலிருந்து தப்ப முடியாது. அங்கே பெயர் வராத பெரியவருக்கு இன்னொரு மெசேஜ் அனுப்பிப் பயனில்லை. போன் போட்டு, அவர் வரியை மட்டும் வாசித்துக் காட்டி, சொன்ன பதிலைக் குரூப்பில் "போனில் சொன்னார்" என்று போட்டுவிடுங்கள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே"ன்னு ஒருத்தர் வந்து நின்னா?

வாதாடாதீர்கள். அவருடைய பழைய மெசேஜை இழுத்து "இதை வைத்து எழுதினேன், மாற்றவா?" என்று கேளுங்கள். குரல் பதிவாக இருந்தால் நிமிடத்தைச் சொல்லுங்கள். அவர் மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள், முன்பு சொன்னதை நிரூபித்து உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

மாற்றும்போது ஒரு தடை உண்டு. அனுப்பிய மெசேஜை 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். அதற்குப் பிறகு புதிதாகத்தான் போட வேண்டும். அப்போது மேலே "அக். 28 இரவு 9 மணி வரை, பழையதை விட்டுவிடவும்" என்று ஒரு வரி சேர்த்து, மாறிய வரிக்கு மட்டும் முன்னால் "மாற்றம்" என்று போடுங்கள். தேதி இல்லாமல் இரண்டு சுருக்கம் குரூப்பில் நின்றால், சமையல்காரருக்கு 120 என்று ஒருவரும் 150 என்று இன்னொருவரும் சொல்லிவிடுவார்கள்.